ஏழு வருடம் பிரிந்திருந்தால் விவாகரத்துத் தானாகக் கிடைக்குமா?

"வணக்கம் மேடம். நான் தலவாக்கலையில் இருந்து எழுதுகிறேன், சட்டம் படிக்கும் மாணவி. இலங்கையின் ஆள்சார் சட்டங்களில் விவாகரத்துக்கான காரணங்களை ஒப்பிட்டு, 'மீட்க முடியாத திருமண முறிவு' என்ற கருத்து நம் சட்டத்தில் இருக்கிறதா என்று டியூட்டோரியலுக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு வருடம் பிரிந்திருந்தாலே போதும், விவாகரத்துக் கிடைக்கும் என்கிறார்கள் கூடப் படிப்பவர்கள். இல்லை, யார் மீதாவது தவறு காட்ட வேண்டும் என்கிறார் விரிவுரையாளர். எது சரி? தமிழர் என்றால் தேசவழமைதானே பொருந்தும்? அதில் என்ன சொல்லியிருக்கிறது?"

தங்கச்சி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். தேசவழமை சொத்தையும் வாரிசுரிமையையும் பற்றியது, அதுவும் வடபகுதித் தமிழருக்கு உரியது. விவாகரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தலவாக்கலைத் தமிழர், யாழ்ப்பாணத் தமிழர், கொழும்புச் சிங்களவர் என்று எவராக இருந்தாலும், முஸ்லிம் சட்டத்தின் கீழோ கண்டியச் சட்டத்தின் கீழோ திருமணம் செய்யாதவர்கள் எல்லோரும் ஒரே வாசலில்தான் போய் நிற்க வேண்டும். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம்தான் அந்த வாசல். கோவிலில் தாலி கட்டி, பதிவே செய்யாத தோட்டத்துக் கல்யாணத்தையும் நம் நீதிமன்றங்கள் திருமணமாக ஏற்றிருக்கின்றன. ஆகவே அதைக் கலைக்கவும் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பஞ்சாயத்தில் தலைவர் முன்னால் எழுதி வாங்கும் தாள் எதையும் கலைக்காது.

அந்தக் கட்டளைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு மூன்றே காரணங்களைச் சொல்கிறது: திருமணத்துக்குப் பின் நடந்த சோரம், தீய எண்ணத்துடன் கைவிட்டுப் போதல், திருமணம் நடந்த நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு அல்லது உடலுறவு இயலாமை. மூன்றாவதில் யாருடைய குற்றமும் இல்லை. முதல் இரண்டும் முழுக்க முழுக்கக் குற்றம் சார்ந்தவை. நடைமுறையில் வழக்கு நடப்பது பெரும்பாலும் இரண்டாவது காரணத்தில்தான். அதைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். அதனால் அங்கேயே கொஞ்ச நேரம் நிற்போம்.

என்னிடம் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன். கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா, ஒரு சிலிசிலிப் பையில் தன் கல்யாணத்தின் மொத்த ஆதாரத்தையும் போட்டு எடுத்து வந்தார். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இரண்டு, பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகள் ஒரு கட்டு, ரப்பர் பாண்ட் போட்டு. அதோடு நீதிமன்றத்தில் இருந்து வந்த சிங்களத் தாள்கள். அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. கணவர் 2014 மார்ச்சில் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனவர். மாதாமாதம் பணம் அனுப்பினார். தீபாவளிக்கு வருவார், போவார். 2017 தைப் பொங்கலுக்குப் பிறகு பணமும் நின்றது, வரவும் நின்றது. 2019இல் மூத்த மகளின் சடங்குக்கு அழைத்தபோது, இனி அங்கே வர மாட்டேன் என்று போனில் சொல்லியிருக்கிறார். அப்புறம் 2025இல் அவரே விவாகரத்துக் கேட்டு வழக்குப் போட்டிருந்தார். இன்னொரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்ய வேண்டுமாம்.

வழக்கு மனுவை வாசித்து அவருக்குத் தமிழில் சொன்னேன். மனைவிதான் தன்னைத் தீய எண்ணத்துடன் கைவிட்டார் என்று கணவர் எழுதியிருந்தார். அந்த அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "நான் அதே லயத்து காம்பராவுலதானே மேடம் இருக்கேன்? நான் எங்க போனேன்?"

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது. உங்கள் டியூட்டோரியலுக்கும் அதுதான் தேவை. கைவிடுதல் என்றால் வீட்டை விட்டு வெளியேறுவது மட்டும் இல்லை. ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தால், அதாவது அடி, அவமானம், வீட்டில் சேர்க்காமல் விடுவது போன்றவற்றால், மற்றவர் வெளியேற நேர்ந்தால், உள்ளே இருந்தவரே கைவிட்டவர் ஆகிறார். இதைக் கருதற்பாலான கைவிடுதல் என்கிறோம். நம் பொதுச் சட்டத்தில் கொடுமை தனி ஒரு காரணமாக இல்லை. அடிபட்டு ஓடி வந்த பெண்ணுக்கு விவாகரத்துக் கிடைப்பது இந்த வழியில்தான். அது நல்ல வழி. ஆனால் அதே வழியை, தானாகப் போன ஆளும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்: 'அவள் நச்சரித்தாள், அதனால்தான் போனேன்.'

அவர் அப்படிச் சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும். கைவிடுதலில் மூன்று விஷயங்கள் சேர வேண்டும். கூடி வாழ்வது நின்றிருக்க வேண்டும், திருமண உறவை முடித்துவிடும் எண்ணம் இருந்திருக்க வேண்டும், அதற்கு நியாயமான காரணம் இருந்திருக்கக் கூடாது. மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் எண்ணம் என்ற இடத்தில்தான். இந்த வழக்கில் கணவர் கைவிட்டது எப்போது? பலர் 2014 என்று எழுதுவார்கள். அது தவறு. பிழைப்புக்காகக் கொழும்புக்குப் போனவர் யாரையும் கைவிடவில்லை. அப்படியானால் கட்டாருக்கும் சவூதிக்கும் போன மலையகப் பெண்கள் எல்லோரும் கைவிட்டவர்கள் ஆகிவிடுவார்கள். கைவிடுதல் தொடங்குவது எண்ணம் மாறும்போது. அந்த எண்ணத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, செயலில் இருந்து ஊகிக்க வேண்டும். இங்கே அதைக் காட்டுவது அந்த ரப்பர் பாண்ட் போட்ட பற்றுச்சீட்டுகள்தான். 2016 டிசம்பர் வரை மாதத்துக்கு ஒன்று இருக்கிறது, 2017 ஜனவரிக்குப் பிறகு ஒன்றும் இல்லை. 2019இன் தொலைபேசிப் பேச்சு அந்த எண்ணத்தை வாய்விட்டே சொல்லிவிட்டது. அந்த அக்கா குப்பையில் போடாமல் வைத்திருந்த சீட்டுகள்தான் கைவிட்டவர் யார் என்பதற்குச் சாட்சி.

ஆக, 19ஆம் பிரிவை மட்டும் பார்த்தால் விடை இது. மனைவி கேட்டால் விவாகரத்துக் கிடைக்கும், கணவருக்குக் கிடைக்காது. தன் குற்றத்தையே காரணமாகக் காட்டி ஒருவர் தீர்ப்பு வாங்க முடியாது.

இனி அந்த ஏழு வருடக் கதைக்கு வருவோம். உங்கள் நண்பர்கள் அதைக் காற்றில் இருந்து பிடிக்கவில்லை. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 608(2)ஆம் பிரிவில் இருக்கிறது. 1977இல் செய்த திருத்தத்தோடு இன்றைய வடிவில் நிற்கும் பிரிவு அது. இரண்டு வழிகளைச் சொல்கிறது. முதலாவது, திருமணத்தைக் கலைக்காமல் பிரிந்து வாழ மட்டும் இடம் கொடுக்கும் மணப்பிரிவுத் தீர்ப்பை நீதிமன்றம் வழங்கி இரண்டு வருடம் கழிந்தும் தம்பதியர் மீண்டும் சேரவில்லை என்றால் விவாகரத்துக் கேட்கலாம். இரண்டாவது, அப்படித் தீர்ப்பு எதுவும் இல்லாமலே பாயிலும் பந்தியிலும், அதாவது கணவன் மனைவியாகக் கூடி வாழாமல், ஏழு வருடம் பிரிந்திருந்தால் கேட்கலாம். இரண்டிலும் 'இரு துணைவரில் எவரும்' சுருக்க நடவடிக்கைமுறையில் விண்ணப்பிக்கலாம் என்று சொல்கிறது.

அந்த 'எவரும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். குற்றமற்றவர் மட்டும் என்று சொல்லவில்லை. அப்படியென்றால் நம் கொழும்புக் கணவரும் வரலாமா? 1984இல் முத்துராணி எதிர் துரைசிங்கம் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இந்தப் பிரிவை அகலமாகவே வாசித்தது. ஏழு வருடப் பிரிவு நிரூபணமானால், குற்றம் யாருடையது என்று தோண்டத் தேவையில்லை. அந்த வாசிப்பு நின்றிருந்தால், மீட்க முடியாத முறிவு என்ற கருத்து, அந்தப் பெயரைச் சொல்லாமலே, நம் பொதுச் சட்டத்துக்குள் வந்திருக்கும்.

நிற்கவில்லை. 1986இல் தென்னகோன் எதிர் தென்னகோன் வழக்கில் உயர் நீதிமன்றம் வேறு வழியில் போனது. காரணங்களைச் சொல்வது 19ஆம் பிரிவு, வழக்கை எப்படி நடத்துவது என்று சொல்வது நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. நடவடிக்கைமுறையில் செய்த ஒரு திருத்தம் புதிய காரணம் ஒன்றை உண்டாக்கிவிடாது. ஆகவே ஏழு வருடப் பிரிவோடு திருமணக் குற்றமும் காட்டப்பட வேண்டும். உங்கள் விரிவுரையாளர் சொன்னது இதைத்தான், அவர் சொன்னதே சரி.

எனக்கு இந்தத் தீர்ப்போடு உடன்பாடு இல்லை. அதை மறைக்காமல் சொல்கிறேன். அந்த வாசிப்பில் ஏழு வருடத்துக்கு என்ன வேலை? பொதுச் சட்டத்தில் கைவிடுதலுக்குக் குறிப்பிட்ட காலம் எதுவும் இல்லை. இன்றைக்குக் கைவிட்டுப் போனார், எண்ணமும் தெளிவு என்றால் நாளைக்கே வழக்குப் போடலாம். குற்றத்தையும் காட்டி ஏழு வருடமும் காத்திருக்க யார் வருவார்கள்? 608(2)இல் மிஞ்சுவது சுருக்க நடவடிக்கைமுறை என்ற வசதி மட்டும். சட்டவாக்க சபை அதற்காகவா ஒரு பிரிவை எழுதியது? டியூட்டோரியலில் இந்தக் கேள்வியை நீங்கள் எழுப்பலாம். ஆனால் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் சொன்னதுதான் இன்றைய சட்டம் என்பதை முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகு எழுப்புங்கள்.

நீதிமன்றம் பயந்ததிலும் நியாயம் இருக்கிறது. ஒருவர் மனைவியைத் தவிக்கவிட்டுப் போய், ஏழு வருடம் எண்ணிவிட்டு, சுதந்திரமாக வந்து தீர்ப்பு வாங்கிப் போகலாமா? அந்த அக்காவின் இடத்தில் நின்று பார்த்தால் இந்தக் கேள்வி சின்னதில்லை. குற்றம் என்ற படி இருப்பதால்தான் அவர் கையில் ஒரு பிடி இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்தினோம் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது ஒப்பீடு. இதே தம்பதியை அப்படியே தூக்கி வேறு சட்டங்களுக்குள் வைத்துப் பாருங்கள். காரணங்களின் பட்டியலை எழுதுவதைவிட இது நல்ல முறை.

அவர்கள் கண்டியச் சிங்களவராக இருந்து, 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் திருமணம் செய்திருந்தால், நீதிமன்றத்துக்கே போக வேண்டாம். மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பித்தால் போதும். 32ஆம் பிரிவில் குற்றம் சார்ந்த காரணங்களும் இருக்கின்றன. மனைவியின் சோரம் தனியாகவே போதும், கணவரின் சோரமோ முறைதகாப் புணர்ச்சியோடு அல்லது கடும் கொடுமையோடு சேர்ந்தால்தான் காரணம் ஆகும். அந்த ஓரவஞ்சனையைக் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் அதே பிரிவில் இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பரஸ்பர சம்மதம். மற்றது, சேர்ந்து மகிழ்ச்சியாக வாழ இயலாமை. பாயிலும் பந்தியிலும் ஒரு வருடம் உண்மையாகப் பிரிந்திருப்பதே அதற்கு உரைகல் என்று சட்டமே சொல்கிறது. இது முறிவுக் கோட்பாடு இல்லாமல் வேறென்ன? நம் கணவர் கண்டியராக இருந்திருந்தால் 2018லேயே பதிவாளரிடம் போயிருக்கலாம். யார் குற்றம் என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மலையகத்தில் இருப்பவர்களுக்கு இது கண்முன்னால் நடக்கும் விஷயம். தோட்டத்து எல்லையில் ஒரு ஓடை, அந்தப் பக்கம் கண்டியக் கிராமம். அங்கே ஒரு வருடப் பிரிவு போதும். இந்தப் பக்கம் லயத்தில் பதினைந்து வருடம் பிரிந்திருந்தாலும் குற்றவாளி ஒருவரைத் தேட வேண்டும். முறிவு என்பது மேலைநாட்டில் இருந்து வந்த கருத்து, நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது என்று யாராவது டியூட்டோரியலில் சொன்னால், இந்த 32ஆம் பிரிவை எடுத்துக் காட்டுங்கள்.

முஸ்லிம் தம்பதி என்றால் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமும் காதி நீதிமன்றமும். கணவர் தலாக் சொல்ல மனைவியின் குற்றத்தைக் காட்டத் தேவையில்லை. காதிக்கு அறிவித்து, சமரச முயற்சிக்கு இடம் கொடுத்து, முறைப்படி சொன்னால் போதும். மனைவிக்கு அப்படி இல்லை. பஸஹ் என்ற வழியில் கணவரின் தவறைச் சாட்சிகளோடு காட்ட வேண்டும். ஆக, ஒரே சட்டத்துக்குள் ஆணுக்கு ஒரு வகை, பெண்ணுக்கு வேறு வகை. முறிவுக் கோட்பாட்டோடு தலாக்கைக் குழப்ப வேண்டாம். முறிவு இருவருக்கும் ஒரே கதவு, தலாக் ஒருவருக்கு மட்டும்.

வெளிநாட்டு ஒப்பீட்டுக்கு எல்லோரும் இங்கிலாந்தையும் இந்தியாவையும் எழுதுவார்கள். நான் தென்னாபிரிக்காவை முதலில் எடுப்பேன். தீய எண்ணத்துடன் கைவிடுதல் என்ற காரணம் நமக்கு வந்தது உரோமன் டச்சுச் சட்டத்தில் இருந்து. தென்னாபிரிக்காவுக்கும் அதே வேர்தான், அவர்களிடமும் சோரமும் கைவிடுதலும்தான் நெடுங்காலம் இருந்தன. 1979இன் விவாகரத்துச் சட்டத்தில் அதை மாற்றி, மீட்க முடியாத முறிவை முதன்மைக் காரணமாக வைத்தார்கள். ஒரு வருடம் கணவன் மனைவியாக வாழாமல் இருந்தது அதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படலாம். சோரமும் சான்றுகளில் ஒன்றாக இருக்கிறது, ஆனால் அது இப்போது குற்றம் என்ற இடத்தில் இல்லை, முறிவைக் காட்டும் அடையாளமாக இருக்கிறது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று மாறியது, மற்றது 1907இலேயே நிற்கிறது. ஒப்பீட்டுக் கட்டுரைக்கு இதைவிட நல்ல சோடி கிடைக்காது.

இங்கிலாந்தில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. முறிவு என்ற சொல்லைச் சட்டத்தில் போட்டுவிட்டால் குற்றம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். அங்கே முறிவே ஒரே காரணமாக இருந்தபோதும், அதைக் காட்ட ஐந்து விதங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டியிருந்தது. சோரம், நடத்தை, கைவிடுதல் ஆகிய மூன்றும் பழைய குற்றங்கள்தான். ஓவன்ஸ் வழக்கில் 2018இல், கணவரின் நடத்தை போதிய அளவு மோசம் இல்லை என்று மனைவிக்கு விவாகரத்து மறுக்கப்பட்டது. திருமணம் முறிந்திருந்தது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் மறுக்கப்பட்டது. அதற்குப் பின் சட்டத்தை மாற்றினார்கள். 2022 ஏப்ரல் 6 முதல், முறிந்துவிட்டது என்று ஒருவர் அறிக்கை கொடுத்தாலே போதும். இந்தியாவில் இந்து விவாகச் சட்டத்தில் இன்றும் முறிவு தனிக் காரணமாக இல்லை. 2023 மே மாதம் ஷில்பா சைலேஷ் வழக்கில், அரசமைப்பின் 142ஆம் உறுப்புரையைக் கொண்டு தான் முறிவின் பேரில் திருமணத்தைக் கலைக்கலாம் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அதிகாரம் அதற்கு மட்டுமே உண்டு, கீழ் நீதிமன்றங்களுக்கு இல்லை.

புத்தகத்தில் அவ்வளவாக எழுதாத ஒன்றையும் சொல்ல வேண்டும். குற்றம் காட்டினால்தான் விவாகரத்து என்ற விதி குற்றம் செய்தவர்களைத் தடுத்து வைப்பதில்லை. குற்றத்தைச் செய்து காட்ட வைக்கிறது. இருவரும் பிரிய ஒத்துக்கொண்டாலும் பொதுச் சட்டத்தில் சம்மதம் ஒரு காரணம் இல்லை. அதனால் ஒருவர் மற்றவரைக் கைவிட்டவர் என்று எழுதுகிறார், எழுதப்பட்டவர் நீதிமன்றத்துக்கு வராமல் இருந்துவிடுகிறார், வழக்கு எதிர்ப்பின்றி முடிகிறது. கூட்டுச் சேர்ந்து நடத்தும் வழக்கில் தீர்ப்பு வழங்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் பேசாமல் இருப்பதற்குப் பின்னால் என்ன உடன்பாடு என்று நீதிபதி எப்படிக் காண்பார்? பல நேரம் அந்தக் கைவிட்டவர் என்ற பெயரைச் சுமப்பது பேரம் பேச வசதி இல்லாத பக்கம். அந்த அக்காவுக்கும் இடையில் ஆள் அனுப்பினார்கள்: 'நீ கோர்ட்டுக்கு வராம இருந்தாலே போதும், ஐம்பதாயிரம் தர்றோம்.' வராமல் இருந்திருந்தால், கணவரைத் துரத்திவிட்டவர் அவர்தான் என்று தீர்ப்பில் ஏறியிருக்கும்.

அவர் வந்தார். முதலில் அவருக்கு விவாகரத்தே வேண்டாம், வழக்கைத் தள்ள வைத்தால் போதும் என்றார். அது முடியும், தென்னகோன் தீர்ப்பு அவர் பக்கம். ஆனால் தள்ளிய பிறகு என்ன? கணவர் வரப்போவதில்லை, பணமும் வரப்போவதில்லை. இன்னொரு வழி இருக்கிறது என்று சொன்னேன். மறுமொழியில் எதிர்க்கோரிக்கை வைத்து, கைவிட்டவர் கணவர்தான் என்று காட்டி, விவாகரத்தை அவரே கேட்கலாம். 615ஆம் பிரிவின் கீழ் தீர்ப்போடு சேர்த்து தாபரிப்பும் பிள்ளைகளுக்கான ஏற்பாடும் கேட்கலாம். குற்றமற்றவராக நின்று கேட்கும்போது அந்தக் கோரிக்கைக்குக் கனம் அதிகம். இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போன் பண்ணினார். "அவரு கேட்டுக் குடுக்க மாட்டேன். நான் கேக்குறேன்." அவரது தீர்ப்பு இப்போது நைசி என்ற இடைக்கால நிலையில் இருக்கிறது. மூன்று மாதம் கழிந்த பிறகுதான் இறுதித் தீர்ப்பாணை ஆகும், அதுவரை இருவரும் கணவன் மனைவிதான்.

உங்கள் கட்டுரைக்கு ஒரு வரிசை சொல்கிறேன். 19ஆம் பிரிவில் தொடங்குங்கள். பிறகு 608(2)ஐ அதன் சொற்களோடு வைத்து, 1984 வாசிப்பையும் 1986 வாசிப்பையும் மோதவிடுங்கள். கண்டியச் சட்டத்தின் 32ஆம் பிரிவை நடுவில் வையுங்கள், பின்னிணைப்பு மாதிரிக் கடைசியில் தள்ளிவிடாதீர்கள். தீர்ப்புகளைக் குறிப்புப் புத்தகத்தில் இருந்து எடுக்காமல் இலங்கைச் சட்ட அறிக்கைகளிலேயே வாசியுங்கள். முத்துராணி 1984இன் முதல் தொகுதியில் 381ஆம் பக்கம், தென்னகோன் 1986இன் முதல் தொகுதியில் 90ஆம் பக்கம். திருமணச் சட்டத் திருத்தம் பற்றிய பேச்சு அடிக்கடி எழுவதால், கையளிப்பதற்கு முதல் நாள் 19ஆம் பிரிவு அப்படியே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.